‘கணிதம் 4’ என்று மட்டும் இருந்தால் வேவர் கிடைக்காது

ஒருவழியாகப் பெயர் ஏறிவிட்டது. ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸஸ் பாடத்தில் சேர நிகழ்தகவுப் பாடத்தை இங்கேயே முடித்திருக்க வேண்டும் என்பது விதி. முன்பு வேறு இடத்தில் படித்ததைக் காட்டி அந்த ப்ரீரெக்விசிட்டைத் தளர்த்தச் சொல்லி, அதாவது வேவர் கேட்டு, விண்ணப்பித்தேன். இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை கையெழுத்தாகி, பாடம் சேர்க்கக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. படிவம் என்னவோ ஒரே பக்கம், கால் மணி நேர வேலை. மூன்று வாரம் எதில் போனது என்பதுதான் சொல்ல வேண்டியது.

முதல் தவறு என்னுடையது. பாடம் நடத்தும் பேராசிரியருக்கு நான்கு வரி மெயில் போட்டேன். “எனக்கு ஆட்சேபம் இல்லை” என்று அன்று மாலையே பதில் வந்தது. வேலை முடிந்தது என்று ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன். ரிஜிஸ்ட்ரேஷன் திறந்ததும் போர்ட்டலில் வந்தது இது:

```
Prerequisite not met
```

பேராசிரியரின் சம்மதம் வேறு, துறையின் அனுமதி வேறு, போர்ட்டலில் பூட்டைத் திறக்கும் ஓவர்ரைடு வேறு. முதலாவது கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக வராது. அலுவலகத்தில் மெயிலின் பிரதியை நீட்டியபோது, “சார் சொன்னா போதுமா? படிவம் எங்கே, டிரான்ஸ்கிரிப்ட் எங்கே?” என்று அந்த மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார். கேட்ட விதம் எரிச்சல்தான், ஆனால் கேட்டது சரி. மெயிலை வீணாக்கவும் வேண்டாம். படிவத்தோடு முதல் தாளாக வைத்தால் துறைக் குழு வேகமாக நகர்கிறது.

படிவமும் டிரான்ஸ்கிரிப்ட்டும் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து “இணைத்தன்மை நிர்ணயிக்க இயலவில்லை” என்று ஒரு வரியோடு திரும்பியது. காரணம் புரியச் சற்று நேரமானது. என் டிரான்ஸ்கிரிப்ட்டில் அந்தப் பாடத்தின் பெயர் ‘கணிதம் 4’. உள்ளே நிகழ்தகவு இருக்கிறதா, எண்ணியல் முறைகள் இருக்கிறதா என்று அதைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மதிப்பெண் இருப்பதால் பயனில்லை. எதில் அந்த மதிப்பெண் என்பதுதான் கேள்வி.

சிலபஸ் கேட்டார்கள். பழைய கல்லூரியின் தளத்தில் இருந்ததை இறக்கி அன்றே கொடுத்தேன். இதுதான் இரண்டாம் சறுக்கல், இதில் பலரும் விழுவார்கள். தளத்தில் இருப்பது இப்போது நடப்பிலுள்ள சிலபஸ். நான் படித்த பிறகு ஒரு முறை திருத்திவிட்டார்கள். நிகழ்தகவு அலகுகள் வேறு பாடத்துக்குப் போய்விட்டன. ஆக, நான் கொடுத்த தாளே எனக்கு எதிரான சாட்சியாக நின்றது. பாடக் குறியீட்டை டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிட்டிருந்தால் கடைசி இலக்கம் மாறியிருப்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

படித்த ஆண்டுக்குரிய சிலபஸ்தான் செல்லும். குறியீடும், எந்த விதிமுறை ஆண்டு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். தேர்வுப் பிரிவில் கேட்டால் “பழையது எங்களிடம் இல்லை” என்றுதான் முதலில் சொல்வார்கள். எனக்குக் கைகொடுத்தது நூலகம். விதிமுறைத் தொகுப்பைப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பக்கங்களை ஸ்கேன் செய்து, துறைத் தலைவரிடம் முத்திரை வாங்கி, ஒரு நண்பர் அனுப்பினார். முத்திரை இல்லாத ஸ்கேனை இங்கே ஏற்கவில்லை. அங்கே ஆளில்லாதவர்கள் இந்த ஒரு தாளுக்கே இரண்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சிலபஸ் வந்த கையோடு அதை அப்படியே கொடுத்துவிட வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் அலுவலகத்தில் இருப்பவர். அவருக்குப் பாடம் தெரியாது, தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இன்னொருவர் ப்ரீரெக்விசிட் பாடத்தை நடத்தும் ஆசிரியர். அவருக்குப் பாடம் தெரியும், நேரம் கிடையாது. இருவருக்கும் பயன்படும் ஒரே கருவி, ஒரு பக்க ஒப்பீட்டு அட்டவணை. இடது பக்கம் அவர்களுடைய ப்ரீரெக்விசிட் பாடத்தின் தலைப்புகள், அவர்கள் எழுதியிருக்கும் சொல்லிலேயே. நடுவில் நீங்கள் எங்கே படித்தீர்கள்: அலகு எண், இணைப்பில் எந்தப் பக்கம். வலது பக்கம் அதில் எப்படித் தேர்வானீர்கள்: எழுத்துத் தேர்வா, மதிப்பிட்ட அசைன்மென்ட்டா, ப்ராஜெக்ட்டா.

‘நிபந்தனை நிகழ்தகவு, பேயஸ் தேற்றம் — படித்திருக்கிறேன்’ என்று எழுதினால் அந்த வரி செத்த வரி. ‘நிபந்தனை நிகழ்தகவு, பேயஸ் தேற்றம் — அலகு 3, இணைப்பு 2, பக்கம் 4 — பருவ இறுதி எழுத்துத் தேர்வு’ என்று எழுதினால் அவர் பக்கத்தைத் திருப்பி ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.

என் கணக்கு இப்படி வந்தது. அவர்களுடைய நிகழ்தகவுப் பாடத்தில் எட்டுத் தலைப்புகள். ஆறு என் பழைய சிலபஸில் நேராகப் பொருந்தின. நிபந்தனை எதிர்பார்ப்பும் மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷனும் அதில் இல்லை. நேரமும் இடித்தது: என் பாடத்தின் ஐந்து அலகுகளில் மூன்றுதான் நிகழ்தகவு, அலகுக்கு 9 மணி வீதம் 27 மணி. இங்கே 42. இந்த இடத்தில் கிரெடிட் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். சில அமைப்புகளில் கிரெடிட் என்பது வாராந்திர வகுப்பு நேரம். ஐரோப்பிய ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்றால் சொந்தமாகப் படிக்கும் நேரமும் சேர்த்து 25 முதல் 30 மணி. ‘அங்கே 6, இங்கே 3, ஆகவே இரண்டு மடங்கு படித்தேன்’ என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். இரண்டையும் வகுப்பு மணிக்கு மாற்றி எழுதுங்கள்.

இல்லாத இரண்டையும் ‘ஓரளவு படித்தது’ என்று மழுப்பத் தோன்றும். செய்யாதீர்கள். அட்டவணையைப் பார்ப்பவர் அந்தப் பாடத்தையே நடத்துபவர். எந்த வரி பூசி மெழுகியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மற்ற ஆறு வரிகள் மீதும் சந்தேகம் வரும். நான் இரண்டு வரியிலும் ‘பழைய பாடத்தில் இல்லை’ என்று எழுதி, பக்கத்திலேயே மாற்று ஆதாரத்தை வைத்தேன்.

எந்த ஆதாரம் எடுபடும் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. ஆன்லைன் பாடத்தின் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது வீடியோ பார்த்ததற்கான ரசீது, அவ்வளவுதான். வாராந்திர அசைன்மென்ட் மதிப்பெண்கள் தெரியும் பக்கத்தையும் பாடத்திட்டத்தையும் சேர்த்தால் அதற்கு உயிர் வருகிறது. கண்காணிப்பில் எழுதிய தேர்வாக இருந்தால் இன்னும் நல்லது. வேலை அனுபவம் காட்டுபவர்கள் மேலாளரிடம் ‘கடின உழைப்பாளி’ என்று கடிதம் வாங்காமல், எந்தக் கணக்கீட்டை எத்தனை மாதம் செய்தார் என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். எல்லாவற்றையும்விட வேலை செய்தது கையால் தீர்த்த நான்கு கணக்குகள். யாரும் கேட்கவில்லை, நானாகவே இணைத்தேன்.

கணக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? சேரப்போகும் பாடத்தின் முதல் மூன்று வாரத் திட்டத்தைப் பாருங்கள். ப்ரீரெக்விசிட்டில் எந்தப் பகுதி உடனே தேவைப்படுகிறது என்று அதில் தெரிந்துவிடும். இங்கே இரண்டாம் வாரத்திலேயே மார்க்கோவ் சங்கிலி. அதில் முதல் அடியை வைத்துப் பிரிப்பது முழுக்க நிபந்தனை எதிர்பார்ப்பு. அதனால் இதைப் போட்டேன்: நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால், தொடர்ந்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? முதலில் பூ விழுந்தால் ஒரு சுண்டல் வீண், மறுபடி ஆரம்பம். தலை விழுந்து அடுத்து பூ விழுந்தால் இரண்டு வீண், மறுபடி ஆரம்பம். இரண்டும் தலை என்றால் இரண்டிலேயே முடிந்தது.

```
E = (1/2)(1 + E) + (1/4)(2 + E) + (1/4)(2)
E = (3/4)E + 3/2
E = 6
```

நான்கு என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு தலைக்கான நிகழ்தகவு 1/4 என்பதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். ஆறு எப்படி வருகிறது என்று மூன்று வரியில் காட்டினால், சான்றிதழ் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. குழுவில் இருந்த ஆசிரியர் பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசினார். நாணயக் கணக்கைச் சற்று மாற்றி, ‘தலை, பிறகு பூ’ என்றால் எத்தனை என்று கேட்டார். அது நான்குதான். தலை விழச் சராசரியாக இரண்டு, அதன் பிறகு பூ விழ இரண்டு. ஒரு முறை தலை விழுந்துவிட்டால், மறுபடி தலையே விழுந்தாலும் ஆரம்பத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைச் சொன்னதும் மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன் பற்றிக் கேட்கவே இல்லை. “அதை வகுப்பில் நானே ஒரு முறை சொல்லிவிடுவேன்” என்று கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வந்த பிறகும் கோட்டை விட வாய்ப்பிருக்கிறது. ஓவர்ரைடு போட்டாகிவிட்டது என்று மெயில் வந்தது; போர்ட்டலில் பழைய செய்தியே வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: படிவத்தில் நான் எழுதியது முதல் பிரிவு, பதிவு செய்ய முயன்றது மாலை நேர இரண்டாம் பிரிவு. இங்கே ஓவர்ரைடு பிரிவு வாரியாகத்தான் போடுகிறார்கள். படிவத்தில் பிரிவு எண் கேட்டிருந்தால், எந்த வகுப்புக்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். இரண்டிலும் போகலாம் என்றால் இரண்டையும் எழுதி அனுமதி கேளுங்கள்.

ஓவர்ரைடு பூட்டைத் திறக்கும், இருக்கையைப் பிடித்து வைக்காது. பெயரை நாம்தான் ஏற்ற வேண்டும். நான் போனபோது முதல் பிரிவில் மூன்று இடம் மிச்சம். மறுநாள் பார்த்தால் பூஜ்யம். இடம் நிரம்பிவிட்டால் அதற்குத் தனி அனுமதி, வேறு படிவம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே காத்திருப்போர் பட்டியலில் சேர முயன்று பாருங்கள். ப்ரீரெக்விசிட் இல்லாவிட்டால் பல போர்ட்டல்கள் அதையும் தடுக்கும்.

வேவருக்கு இன்னொரு எல்லை இருக்கிறது, கையெழுத்து போட்டவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. வேவர் என்றால் ‘இதை முடிக்காமலே அதில் சேரலாம்’ என்பது மட்டும். ப்ரீரெக்விசிட் பாடத்துக்கான கிரெடிட் அதில் வராது. நிகழ்தகவுப் பாடம் பட்டத்துக்கே கட்டாயம் என்றால் அது பாக்கியாகத்தான் நிற்கும். பதிவு முடிந்த அன்று பட்டத் தேவைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த வரி இன்னும் சிவப்பில் இருக்கிறது. அதை மாற்ற கிரெடிட் மாற்றமோ பாட மாற்றீடோ தனியாகக் கேட்க வேண்டுமாம். அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே முத்திரையிட்ட சிலபஸ், அதே அட்டவணை, வேறு படிவம். முத்திரைத் தாளின் அசலை அலுவலகத்தில் கொடுத்துவிடாமல் பிரதி மட்டும் கொடுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. திங்கட்கிழமை மறுபடி அதே மேடத்திடம் போகிறேன்.