பிரிவு 70 கேள்வியில் நான் மதிப்பெண் விட்ட இடம்

சட்டப் படிப்பில் ஒப்பந்தச் சட்டத் தேர்வு எழுதியபோது ஒரு சிக்கல் கேள்விக்கு 15க்கு 5தான் வாங்கினேன். மூன்று பக்கம் எழுதியிருந்தேன். விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான், "இவர் வேலை செய்தார், அவர் பலனை அனுபவித்தார், ஆகவே காசு தர வேண்டும்" என்பதையே நான்கு விதமாக எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அடுத்த முறை அதே வகைக் கேள்வியில் தப்பித்தேன். நடுவில் புரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் தவறு ஆரம்பத்திலேயே நடக்கிறது. கேள்வியில் "எழுத்துபூர்வ உடன்படிக்கை ஏதும் இல்லை" என்று பார்த்ததும் கை நேராக 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவுக்குப் போய்விடும். இனாமாக இல்லாமல் ஒருவர் செய்ததன் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிற பிரிவு அது. ஆனால் காகிதம் இல்லை என்றால் ஒப்பந்தம் இல்லை என்று அர்த்தமில்லை. குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிடுகிறோம், கூலி பேசவில்லை, அவர் சரிசெய்து கொடுக்கிறார். இங்கே ஒப்பந்தம் இருக்கிறது, விலை மட்டும்தான் பேசப்படவில்லை. நியாயமான கூலி தருவோம் என்பது நடத்தையிலேயே அடங்கியிருக்கிறது. குவாண்டம் மெருயிட், அதாவது "உழைப்புக்குத் தகுந்த அளவு", இயல்பாகப் பொருந்துகிற இடம் இதுதான். ஒருவர் வேலையைப் பாதி முடித்திருக்கும்போது எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை முறித்துவிட்டால், முடித்த பகுதிக்குக் கேட்பதும் இதில் சேரும்.

விலை ஏற்கெனவே பேசி முடிந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அலோபி பர்ஷாத் வழக்கில், ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், போரால் செலவு ஏறிவிட்டது, பேசியதைவிட அதிகம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தில் விலை இருக்கும்போது குவாண்டம் மெருயிட் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேள்வித்தாளில் விலை குறிப்பிட்டிருக்கிறதா, அந்த ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

ஒப்பந்தமே இல்லாத நிலை, அல்லது சட்டத்தின் கண்ணில் செல்லாத நிலை வந்தால்தான் 70ஆம் பிரிவு. தேர்வில் இது பெரும்பாலும் அரசாங்க வேலையாகவே வரும். அரசமைப்பின் 299ஆவது உறுப்பின்படி மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்றவரால், உரிய முறையில் செய்யப்பட வேண்டும். அதிகாரி வாயால் சொன்னது அந்தக் கணக்கில் வராது.

இந்த இடத்தில் கட்டாயம் எழுத வேண்டிய வழக்கு, மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ். 1944இல் ஆரம்பாக்கில் குடிமைப் பொருள் துறை அதிகாரிகள் கேட்டபடி ஒப்பந்ததாரர் கட்டுமான வேலைகளைச் செய்து கொடுத்தார். 19,325 ரூபாய் நின்றது. அப்போதிருந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் கேட்ட முறைப்படி ஒப்பந்தம் இல்லாததால் அது செல்லாது என்றது அரசு. செல்லாதுதான் என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 70ஆம் பிரிவின் கீழ் பணம் கிடைத்தது. நிபந்தனைகள் மூன்று: செயல் சட்டப்படி நடந்திருக்க வேண்டும், இனாமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது, எதிராளி பலனை அனுபவித்திருக்க வேண்டும்.

மூன்றையும் மனப்பாடமாக எழுதினால் பாதி மதிப்பெண்தான். அந்தத் தீர்ப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று மறுக்கவோ திருப்பித் தரவோ எதிராளிக்கு வாய்ப்பு இருந்து, அப்படியும் அவர் ஏற்றுக்கொண்டாரா என்பதே கேள்வி. தலையில் கட்டிவிட்டுப் பில் நீட்ட முடியாது.

நான் பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். மாநில அரசுத் துறை அதிகாரி ஒருவர் கிடங்கு கட்டித் தரச் சொல்கிறார். ஒப்பந்ததாரர் 4,80,000 ரூபாய் என்று மதிப்பீடு கொடுக்கிறார், அதிகாரி தலையாட்டுகிறார், கையெழுத்து ஏதும் இல்லை. கிடங்கு முடிகிறது, துறை நெல் மூட்டைகளை அடுக்குகிறது. லாரி வர வசதியாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே, ஒரு விடுமுறை வாரத்தில் முன்பக்கம் 60,000 ரூபாய்க்கு சிமெண்ட் தளமும் போட்டுவிடுகிறார். அடுத்து வந்த அதிகாரி இரண்டுக்கும் காசு தர முடியாது என்கிறார்.

கிடங்கு எளிது. கேட்டுச் செய்தது, வேண்டாமென்றால் மூட்டை அடுக்காமலாவது இருந்திருக்கலாம், அடுக்கினார்கள். ஆனால் எவ்வளவு? இங்கேதான் நான் முதல் தடவை விழுந்தேன். தேர்வில் மதிப்பீட்டுத் தொகையை அப்படியே எழுதினேன். செல்லாத ஒப்பந்தத்தின் விலையைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவது அது. இங்கே கிடைப்பது விலை அல்ல, செய்த வேலையின் நியாயமான மதிப்பு. பொதுப்பணித் துறை விலைப்பட்டியல்படி அந்த வேலை 4,30,000 பெறும் என்று கேள்வியில் இருந்தால், விடை அந்தப் பக்கம் சாய வேண்டும். மதிப்பீட்டுத் தாள் வெறும் சான்று, அவ்வளவுதான். போன லாபத்துக்கு 73ஆம் பிரிவில் இழப்பீடு என்று ஒரு வரி சேர்ப்பவர்களும் உண்டு. மீறுவதற்கு ஒப்பந்தமே இல்லையே!

தளம்தான் சிக்கல். அதன்மேல் லாரிகள் ஓடுகின்றன, பலன் இருக்கிறது. ஆனால் தரையில் ஒட்டிப்போன சிமெண்டை யார் எப்படித் திருப்பித் தருவது? மறுக்கும் வாய்ப்பே வரவில்லை, ஆகவே ஒப்பந்ததாரரின் கோரிக்கை பலவீனம். விடுமுறை வாரம் என்று கேள்வியில் போட்டதே இதற்குத்தான். அதிகாரி தினமும் நின்று பார்த்துக்கொண்டிருந்து, தடுக்காமல் இருந்திருந்தால் விடை மாறலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் யோசித்தது தெரியும்.

கேட்காமல் செய்தால் எப்போதுமே கிடைக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1894இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த தாமோதர முதலியார் வழக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒரு ஏரி 11 கிராமங்களுக்குப் பாய்ந்தது, சில அரசுடையவை, சில ஜமீனைச் சேர்ந்தவை. ஏரியைக் காப்பாற்றத் தேவையான பழுதுகளை அரசு பார்த்தது. ஜமீன்தார்கள் கேட்கவில்லை. ஆனாலும் தங்கள் பங்கைத் தர வேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. பொது ஏரி, அவசியமான பழுது, அரசுக்கும் அதில் பங்கு. நம் தளத்தில் இந்த மூன்றும் இல்லை. அடுத்த தேர்வில் நான் மண்டல், தாமோதர முதலியார் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து இந்த வேறுபாட்டை மட்டும் நான்கு வரியில் எழுதினேன். அந்த முறை 12 வந்தது. மீதி 3 எங்கே போனது என்று பார்த்தால், கேள்வியில் வேலை முடிந்த தேதியும் வழக்குப் போட்ட தேதியும் கொடுத்திருந்தார்கள். கால வரம்பு மூன்று ஆண்டு, நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.