வாங்குபவருக்கும் அந்தச் செலவு வருமா?

திருப்பூரில் ஓர் அட்டைப் பெட்டி யூனிட் விலைக்கு வந்தது. பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றுமதிப் பெட்டி செய்து கொடுக்கும் சிறிய யூனிட். வருட விற்பனை 2.4 கோடி. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், மகள் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார், எடுத்து நடத்த ஆளில்லை. வாங்க நினைத்தவர் பல வருடம் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். நான் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகத்தில் வந்து, கேட்கிற விலை சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். எண்களைக் கொஞ்சம் மாற்றி அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கேட்ட விலை சுமார் 1.3 கோடி. அதற்கு ஒரு தாளில் கணக்கும் இருந்தது. வருட ஆதாயம் 42,90,000 ரூபாய், அதற்கு மூன்று மடங்கு. இந்த மாதிரி பேரத்தில் எல்லோரும் அந்த மடங்கைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பார்கள், இரண்டரையா மூன்றா என்று. எனக்கு எப்போதும் கண் போவது முதல் எண்ணின் மேல். அதில் ஒரு ரூபாய் கூடுதலாக ஏறினால் விலையில் மூன்று ரூபாய் ஏறும்.

லாப நட்டக் கணக்கில் நிகர லாபம் 18,20,000. அதோடு வங்கி வட்டி 2,60,000, தேய்மானம் 3,10,000 இரண்டையும் கூட்டியிருந்தார்கள். இது முறைதான். வட்டி என்பது அவர் வாங்கிய கடனுக்கானது, அதை விற்ற பணத்தில் அவரே அடைத்துவிட்டுப் போவார். தேய்மானம் கையை விட்டுப் போகிற பணமில்லை. ஆனாலும் கொருகேஷன் மெஷின் ஒருநாள் மாற்ற வேண்டி வரும் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன். ஆக 23,90,000. இதுவரை தகராறு இல்லை.

அடுத்து, "வீட்டுச் செலவுக்கு எடுத்தது 6,00,000" என்று ஒரு வரி. கம்பெனியாக இருந்து, இயக்குநர் சம்பளம் என்று செலவில் எழுதியிருந்தால் இதைக் கூட்டலாம். இது தனிநபர் உரிமை நிறுவனம். உரிமையாளர் எடுக்கும் பணம் மூலதனக் கணக்கில்தான் கழியும், லாபத்தில் கழியவே கழியாது. கழிக்காத ஒன்றைத் திருப்பிக் கூட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணுவதாகிவிடும். அந்த ஒரு வரியால் மட்டும் விலையில் 18 லட்சம் ஏறியிருந்தது. சிறிய நிறுவனங்களின் விலைக் கணக்கில் இந்த வரியை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

மீதி வரிகளுக்கு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்: நாளைக்கு வேறொருவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கும் இந்தச் செலவு வருமா?

மகள் பெயரில் மாதம் 25,000 சம்பளம், வருடத்துக்கு 3,00,000. அவர் யூனிட்டுக்குள் வந்தே பல காலம். புதியவருக்கு இது வராது, முழுவதையும் கூட்டலாம். குலதெய்வக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்த 1,00,000 விளம்பரச் செலவில் இருந்தது. அதையும் கூட்டலாம். காருக்கு டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 3,00,000 கூட்டியிருந்தார். சாம்பிள் எடுத்துக்கொண்டு பையர் ஆபீஸுக்குப் போவதும் பாக்கி வசூலுக்கு அலைவதும் அதே காரில்தான். புதியவரும் போய்த்தான் ஆக வேண்டும். டீசல் பில்களையும் டோல் கட்டணங்களையும் பார்த்ததில் பாதி ஓட்டம் தொழிலுக்கானது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம். 1,50,000 மட்டும் கூட்டினோம்.

மோட்டார் எரிந்ததற்கு ஆன 2,00,000 ரூபாயை ஒரே ஒருமுறை வந்த செலவு என்று சேர்த்திருந்தார். முந்தைய இரண்டு வருட லெட்ஜரைப் புரட்டினேன். ஒரு வருடம் ரோலர், ஒரு வருடம் ஸ்லாட்டிங் மெஷின். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு பெயரில், ஏறக்குறைய அதே தொகைக்கு ஒரு பெரிய ரிப்பேர் வந்திருக்கிறது. மெஷின் பழசு, அவ்வளவுதான். இதைக் கூட்ட முடியாது என்றேன்.

வராக்கடன் 4,00,000. ஒரு பனியன் கம்பெனி மூடிவிட்டதால் தள்ளுபடி செய்தது. "அது நம்ம கெட்ட நேரமுங்க தம்பி, அடுத்தவருக்கு எதுக்கு வரப்போவுது?" என்றார் பெரியவர். அவர் வருத்தம் நிஜமானது. ஆனால் அந்த ஊரில் கடனுக்குப் பெட்டி கொடுப்பவர் யாருக்கும் இது வராமல் இருக்காது. மூன்று வருடக் கணக்கில் ஒன்றில் 4,00,000, ஒன்றில் 1,10,000, ஒன்றில் ஒன்றுமில்லை. சராசரி 1,70,000. அதைத் தொழிலின் செலவாகவே விட்டுவிட்டு மீதி 2,30,000 ரூபாயைக் கூட்டினோம்.

இப்போது தொகை 31,70,000. விற்பவர் தாளில் கணக்கு கூட்டலோடு முடிந்திருந்தது. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும்: இவருக்கு வராத எந்தச் செலவு புதியவருக்கு வரும்?

ஷெட் அவருடைய சொந்தம், அதனால் கணக்கில் வாடகையே இல்லை. ஷெட்டை அவர் விற்கவும் இல்லை, வாடகைக்குத்தான் விடப்போகிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மாதம் 45,000 நியாயமாகப் பட்டது, வருடத்துக்கு 5,40,000. பில் போடுவது, இ-வே பில், கூலிக் கணக்கு எல்லாவற்றையும் அவருடைய மனைவி சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். அந்த அம்மாவின் வேலை கணக்குப் புத்தகத்தில் எங்குமே இல்லை. அவர் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டால் மாதம் 18,000, வருடத்துக்கு 2,16,000. இரண்டையும் கழித்தால் 24,14,000.

வாடகையைக் கழித்ததில்தான் பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. "என்ற எடத்துக்கு நானே எதுக்குங்க வாடகை எழுதோணும்?" என்றார். அந்தப் பணம் எங்கும் போகவில்லை, விலையில் குறைவது மாதாமாதம் உங்கள் கைக்கு வாடகையாக வரும், இடமும் உங்களிடமே இருக்கும் என்று எழுதிக் காட்டினேன். விலையில் குறைகிற தொகை இரண்டேகால் வருட வாடகைக்குச் சமம் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் சமாதானமானார்.

கணக்கில் வராத வியாபாரமும் உண்டு, அதில் வருடம் ஆறு லட்சம் நிற்கும் என்று இடையில் ஒரு பேச்சு வந்தது. வாங்கிய பேப்பர் ரீலின் எடை, விற்ற பெட்டியின் எடை, வேஸ்ட் விற்ற பில், கரண்ட் யூனிட் நான்கையும் ஒப்பிட்டால் இது உண்மையா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் உண்மையாக இருந்தாலும் அதற்கு விலை கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வங்கி அதை வருமானமாக எடுத்துக்கொள்ளாது. அதோடு, தொழிலை மொத்தமாகக் கைமாற்றும்போது அதுவரைக்குமான ஜிஎஸ்டி பாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவருமே பொறுப்பு என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 85-வது பிரிவு. மறைத்த லாபத்துக்கு விலை கொடுப்பவர் மறைத்த வரியையும் சேர்த்து வாங்குகிறார். அதனால் ஜிஎஸ்டி ரிட்டனோடும் வங்கி வரவோடும் ஒத்துப்போன விற்பனையை மட்டும் எடுத்தோம். முந்தைய இரண்டு வருடங்களையும் இதே மாதிரி திருத்திப் பார்த்தபோது தொகை பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆகவே கடைசி வருடத்தையே அடிப்படையாக வைத்தோம்.

சரி, எத்தனை மடங்கு? உரிமையாளரே நின்று நடத்தும் இந்த அளவு தொழில்களுக்கு இரண்டிலிருந்து மூன்று மடங்கு என்பது பேச்சு தொடங்குகிற இடம். பங்குச் சந்தைக் கம்பெனி இருபது மடங்குக்குப் போகிறதே என்று கேட்பார்கள். அந்த லாபம் எல்லாச் சம்பளமும் வரியும் போக நிற்பது, முதலாளி மாறினாலும் நிற்பது. இங்கே 24 லட்சத்துக்குள் ஒரு மனிதனின் முழு வருட உழைப்பும் இருக்கிறது. இந்த யூனிட்டில் விற்பனையில் கிட்டத்தட்ட பாதி ஒரே ஏற்றுமதியாளரிடமிருந்து வந்தது, அவரும் பெரியவரின் முப்பது வருடப் பழக்கம். அது இல்லாமல் பத்துப் பதினைந்து பேரிடம் பரவியிருந்தால் நான் இரண்டே முக்கால் வரை போயிருப்பேன். இதற்கு இரண்டேகால் என்றேன். 54,31,500 வந்தது.

இந்த விலையை வேறு வழியிலும் சோதித்தோம். மாதம் 50,000 சம்பளத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் 24,14,000 என்பது 18,14,000 ஆகிவிடும். அதே விலை இப்போது மூன்று மடங்காகத் தெரியும். மடங்கைச் சொல்லும்போது எதன் மடங்கு என்று கேட்டே ஆக வேண்டும் என்பது இதனால்தான். மேனேஜர் சம்பளம் கழித்த எண்ணுக்குரிய மூன்றை, கழிக்காத எண்ணோடு பெருக்கினால் விலை 72 லட்சமாகிவிடும்.

அப்புறம் கடன் கணக்கு. 35 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டியில், ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 78,000, வருடத்துக்கு 9.35 லட்சம். 24.14 லட்சத்தில் அது போனால் 14.8 லட்சம் நிற்கும். அதில் வீட்டுச் செலவு, வருமான வரி, மெஷினுக்கு ஒதுக்குவது எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும். கேட்ட விலைக்கு வாங்கியிருந்தால் அடங்காது.

இந்த விலையில் மெஷின்களும் தொழிலும் மட்டும்தான் உண்டு. ஸ்டாக்கை எண்ணி, வாங்கிய விலைக்குத் தனியாகத் தருவது என்று முடிவு. பழைய பாக்கியைப் பெரியவரே வசூலித்துக்கொள்வார். வாங்குபவருக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: மாதம் 20 லட்சம் விற்பனை, பணம் வர 75 நாள், ஆக 50 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். ரீல் சப்ளையர் தருகிற கடன் போக, 38 லட்சம் சொந்தமாகவோ வங்கி மூலமாகவோ புரட்ட வேண்டும். இது விலைக்கு மேல் வருகிற பணம்.

கடைசியில் 54 லட்சத்துக்கு முடிந்தது. 44 லட்சம் உடனே, 10 லட்சம் ஒரு வருடம் கழித்து. அந்தப் பெரிய ஏற்றுமதியாளர் அந்த வருடத்தில் பழைய அளவில் முக்கால் பங்காவது ஆர்டர் கொடுத்திருந்தால் 10 லட்சமும் முழுதாக, குறைந்தால் அந்த விகிதத்தில் குறைத்து. முதல் மூன்று மாதம் பெரியவர் தினமும் யூனிட்டுக்கு வர வேண்டும், ஏற்றுமதியாளர் அலுவலகத்துக்குப் புதியவரைக் கூடவே அழைத்துப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம்.