அன்ரியின் ஒழுங்கை

"தம்பி, இருபது வருசமா இருக்கிற ஒழுங்கை எனக்குத் தெரியாதா?"

"தெரியும் அன்ரி. ஆனா இந்தப் படத்தில இருக்கிறது உங்கட ஒழுங்கை இல்லை."

இவ்வளவுதான் நடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்தார். நான் படத்தை ஒதுக்கிவிட்டுப் பத்திரிகைப் பக்கத்தை முடித்தேன். அந்த மௌனம்தான் இன்னும் காதில் நிற்கிறது.

மழை நாள். முழங்காலளவு தண்ணீர் நிற்கும் தெரு, பாதி மூழ்கிய ஓட்டோ, தமிழ்க் கடைப் பலகைகள். கொழும்பு வெள்ளவத்தை என்று எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்ததற்கு ஒரே காரணம், படம் மங்கலாக இருந்தது. கைமாறிக் கைமாறி வந்த படம் அப்படித்தான் மங்கும்.

வழக்கம்போல் ஒரு தாளை எடுத்து எங்கெல்லாம் இருக்கலாம் என்று எழுதினேன்: வெள்ளவத்தை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை. ஓட்டோ சிவப்பு. சென்னை ஓட்டோ என்றால் மஞ்சள். அதோடு ஒரு பலகையில் சிங்கள எழுத்தும் தெரிந்தது. சென்னையை வெட்டினேன். மிச்சம் மூன்று.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குவோம். தென்னை மரம் இருக்கிறது, தமிழ்ப் பலகை இருக்கிறது, இடப்பக்கம் வாகனம் போகிறது, ஆகவே வெள்ளவத்தை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அந்த மூன்றும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும், மட்டக்களப்பிலும் இருக்கும். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற அடையாளம் பத்து சேர்ந்தாலும் எந்த இடத்தையும் வெட்டாது. ஓரிடத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது என்று சொல்லக்கூடிய ஒன்று வேண்டும்.

ஓட்டோவின் இலக்கத் தகட்டில் மேல் மாகாணக் குறி தெரிந்தது. அன்ரிக்குச் சாதகம்தான். ஆனால் கொழும்பில் பதிந்த வண்டி யாழ்ப்பாணத்தில் ஓடுவது புதினமில்லை. ஐந்தாறு தகடு தெரிந்தால் நம்பலாம், ஒரு தகடு போதாது. 2023இலிருந்து புதிய தகடுகளில் மாகாணக் குறியே இல்லாமல் போனது வேறு.

பிறகுதான் ஓட்டோவின் கூரைக்கு மேலே, இரண்டு கம்பங்களில் நின்ற அந்தப் பலகையைப் பார்த்தேன். மூன்று வரி. எழுத்தை வாசிக்க முடியவில்லை. பெரிதாக்கினால் கட்டங்களாக உடைந்தது. ஆனால் வாசிக்காமலும் ஒன்று தெரியும்: சிங்கள எழுத்து முழுக்க வளைவு, மங்கினால் உருண்டை உருண்டையாகத் தெரியும். தமிழில் ப, ட, ம எல்லாம் நேர்க்கோடும் மூலையும். மங்கினாலும் மூலை தப்பும். மேல் வரியில் மூலைகள் இருந்தன, நடு வரியில் உருண்டைகள். அரச பலகைகளில் பெரும்பாலும் வடக்கு கிழக்கில் தமிழ் மேலே வரும், கொழும்பில் சிங்களம் மேலே வரும். தாளில் வெள்ளவத்தையையும் வெட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் அன்ரியோடு பேசினேன். குரலில் தெரிந்திருக்கும்.

பிழையாக ஒரு இடத்தின் பெயர் போனால் அடுத்த நாள் யார் பதில் சொல்வது? நான்தான். அந்த வகையில் படத்தை நிறுத்தியது சரி. ஆனால் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை அன்ரி" என்பது ஒன்று, "உங்கட ஒழுங்கை இல்லை" என்பது வேறொன்று. என்னிடம் இருந்தது முதலாவது. நான் சொன்னது இரண்டாவது. அதைவிட, படத்தை நீங்களா எடுத்தீர்கள், எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தால் தாளே தேவைப்பட்டிருக்காது. மங்கலான படம் என்றால் கைமாறி வந்தது என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. என்னுடைய அடையாளம் அரச பலகைக்குத்தான் செல்லும். தனியார் தங்கள் பலகையில் எதையும் மேலே எழுதலாம். கம்பத்தில் நிற்கிற பலகை என்றதும் மாநகர சபையுடையது மாதிரியான ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அதை நான் பார்க்கவில்லை, ஊகித்தேன்.

அடுத்த வாரம் வேலை முடிந்து போகும் வழியில் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினேன். முனையில் மாநகர சபையின் பெயர்ப்பலகை, சிங்களம் மேலே. அப்பாடா என்றிருந்தது. பாதி வழியில் ஒரு சிறிய கோவில். அதன் பலகையில் தமிழ் மேலே, சிங்களம் நடுவில், ஆங்கிலம் கீழே. ஆனால் அது மதிலில் அடித்திருந்தது, கம்பம் எதுவும் இல்லை. படத்திலுள்ளது கம்பத்தில் அல்லவா நிற்கிறது. சரி, நான் சொன்னதுதான் சரி என்று திரும்பினேன்.

வாசலில் பூ வைத்துக்கொண்டிருந்த ஐயாவிடம் சும்மா கேட்டேன்: "ஐயா, இந்தப் பலகை எப்பவும் மதிலிலதான் இருந்ததா?"

"இல்லைத் தம்பி. முந்தி மதில் இல்லை. ரெண்டு கம்பி நட்டு வைச்சிருந்தது."

"மதில் எப்ப கட்டினது?"

"போன வருசமோ, அதுக்கு முந்தின வருசமோ."