விட்டேக்கரில் எந்த விட்டேக்கர்?

குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் எம்.ஐ.டி. அங்கே என் நண்பரின் ஆய்வகத்துக்கு சாம்பிள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. தோளில் ஐஸ் பெட்டி. கையில் ஒரு வரி மின்னஞ்சல்: "கோர்ஸ் 20, விட்டேக்கர், மூன்றாம் தளம்." இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ரெட் லைன் ரயிலில் கெண்டல் நிலையத்தில் இறங்கினேன். முதலில் 20 என்ற எண்ணைத்தான் தேடினேன். வரைபடத்தில் 20-ஆம் கட்டடமே இல்லை. விஷயம் பிறகுதான் தெரிந்தது: அங்கே துறைகளுக்கும் எண், கட்டடங்களுக்கும் எண், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கோர்ஸ் 20 என்றால் உயிரியல் பொறியியல் துறை. 20-ஆம் கட்டடம் என்பது 1943-இல் போர்க்காலத்தில் தற்காலிகமாகக் கட்டப்பட்டு, 1998 வரை தாக்குப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது நிற்பது 32, அதாவது கோணல்மாணலான ஸ்டாட்டா மையம்.

சரி, எண் வேண்டாம், பெயரைப் பிடிப்போம் என்று "விட்டேக்கர்" எங்கே என்று தெருவில் ஒருவரிடம் கேட்டேன். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கை காட்டினார். போய் நின்ற கட்டடத்தில் E25 என்று எழுதியிருந்தது. மூன்றாம் தளம் வரைக்கும் ஏறி இறங்கியாயிற்று, நான் தேடிய பெயர் எந்தக் கதவிலும் இல்லை. கீழே இருந்த அம்மாவிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இதுவும் விட்டேக்கர்தான். உங்களுக்கு வேண்டியது 56. அதுவும் விட்டேக்கர்!"

ஒரே கொடையாளர் பெயர் இரண்டு கட்டடங்களில். இங்கே யாரும் பெயரைச் சொல்லிக் கட்டடம் தேடுவதில்லை, அறை எண் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பல்கலைக்கழகத்தின் ஆள் தேடும் பக்கத்தில் என் நண்பரின் பெயரைத் தட்டினார். 56-3 என்று தொடங்கும் எண் வந்தது. மூன்று நாள் முன்பே நான் வீட்டில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி. கோட்டுக்கு முன்னால் இருப்பது கட்டடம். கோட்டுக்குப் பின்னால் முதல் இலக்கம் தளம், மிச்சம் அறை. 10-250 என்றால் 10-ஆம் கட்டடம், இரண்டாம் தளம், 50-ஆம் அறை. தளத்தின் இடத்தில் பூஜ்யம் இருந்தால் நிலவறை. கட்டட எண்ணுக்கு முன் E இருந்தால் ஏம்ஸ் தெருவுக்குக் கிழக்கே. அந்த எழுத்து இல்லாததால் 56 தெருவுக்கு மேற்கே என்பது அப்போதே புரிந்தது. whereis.mit.edu பக்கத்தில் 56 என்று மட்டும் தட்டினால் இடம் தெரிகிறது.

தெருவைக் கடந்து முக்கோண வடிவக் கட்டடம் 66-க்குள் நுழைந்து, அதன் வழியாகவே 56-க்குப் போனேன். படிக்கட்டில் மூன்று மாடி ஏறினேன். கதவுகளில் 56-4, 56-4 என்றே எண்கள். நம் ஊர்க் கணக்கு காலை வாரிவிட்டது. இங்கே தரைத்தளமே முதல் தளம். நம்முடைய இரண்டாம் மாடிதான் அவர்களுக்கு மூன்றாம் தளம். ஒரு மாடி இறங்கினேன். ஐஸ் பாதி உருகியிருந்தது, சாம்பிள் தப்பித்தது.

திரும்பும்போது நண்பர் வேறு வழி சொன்னார்: மழை தூறுகிறது, வெளியே போகாதே, உள்ளேயே மேற்கே நட. 56-இலிருந்து 16-க்குள் எப்போது நுழைந்தேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கதவில் ஒட்டிய சின்னப் பலகையில் முன்னால் இருக்கும் எண் மாறினால்தான் கட்டடம் மாறியது தெரிகிறது. அப்படியே 8, 4, 10, 3 என்று கால் கிலோமீட்டர் நீளமுள்ள 'முடிவற்ற தாழ்வாரம்' போகிறது. 10-ஐத் தாண்டிய பிறகு 3, 7 என்று ஒற்றை எண்களாக வருவதையும் கவனித்தேன். நடுவில் இருக்கும் 10-க்குக் கிழக்கே பெரும்பாலும் இரட்டை எண், மேற்கே ஒற்றை எண். காலியான பெட்டியோடு 7-இன் பெரிய கூடத்தில் வந்து, மாசச்சூசெட்ஸ் அவென்யூவில் 1-ஆம் நம்பர் பஸ் பிடித்தேன்.