இரவில் பசித்து எழும் குழந்தை: இரவு உணவை முன்னால் நகர்த்தினால் என்ன ஆகும்?

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை நள்ளிரவில் பசித்து அழுதால், "இரவுச் சாப்பாட்டை இன்னும் தாமதமாகக் கொடு, வயிறு நிறைந்து தூங்கும்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நடைமுறையில் இது எதிர்மாறாகவே முடிகிறது. தூக்கம் நெருங்கிய குழந்தை சாப்பிடாது. நாலைந்து வாய் வாங்கும், கண்ணைக் கசக்கும், தட்டைத் தள்ளும்.

20 மாதக் குழந்தை ஒன்றின் கணக்கைப் பாருங்கள். மாலை 6 மணிக்கு ஒரு கப் பால், 8 மணிக்கு இரவு உணவு, 8.45க்குத் தூக்கம். இரவு 2 மணிக்கு அழுகை, 180 மில்லி பால், மீண்டும் தூக்கம். காலை உணவைத் தொடுவதே இல்லை. அந்த 180 மில்லி முழுக்கொழுப்புப் பாலில் ஏறத்தாழ 110 கலோரி இருக்கிறது. இந்த வயதில் நாளுக்குத் தேவைப்படுவது சுமார் 1000 கலோரி என்றால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் நள்ளிரவில் போய்விடுகிறது. காலையில் பசிக்காததற்குக் காரணம் அதுதான். பகலில் குறைந்தது இரவில் பசியாகத் திரும்புகிறது.

முதலில் பசிதானா என்று உறுதி செய்ய வேண்டும். மூன்று நாள் குறித்து வைத்தாலே தெரிந்துவிடும்: எழுந்த நேரம், குடித்த அளவு, காலையில் சாப்பிட்ட விதம். 30, 40 மில்லி உறிஞ்சியதும் கண் சொருகினால் அது பசியல்ல, பாலோடு தூங்கிப் பழகிய பழக்கம். கப்பை முழுக்கக் காலி செய்து இன்னும் கேட்டால் பசி. தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வீறிட்டு அழுது, யாரையும் அடையாளம் தெரியாததுபோல் பார்த்தால் அது பெரும்பாலும் தூக்கக் கலவரம். அப்போது பால் கொடுப்பதில் பயனில்லை.

பசிதான் என்றால், நேரத்தை இப்படி மாற்றலாம். மாலைப் பாலும் தின்பண்டமும் 4.30க்குள் முடிய வேண்டும். இரவு உணவு 6.30க்கு. 8 மணிக்குச் சிறு உணவு, 8.20க்குப் பல் துலக்கல், 8.40க்குப் படுக்கை. உணவை முன்னால் இழுத்தால் பசி கூடுமோ என்று பயம் வரும். 6.30க்குக் குழந்தை தெளிவாக இருக்கும், அதனால் இரண்டு மடங்குகூடச் சாப்பிடும். மிச்ச இடைவெளியை 8 மணி உணவு அடைக்கும்.

அந்தச் சிறு உணவு, நள்ளிரவில் போன 110 கலோரியை ஈடுகட்டினால் போதும். பாதி வாழைப்பழத்தை மசித்து, மூன்று மேசைக்கரண்டி இனிப்பில்லாத தயிரும் ஒரு தேக்கரண்டி பீனட் பட்டரும் கலந்தால் கணக்கு சரியாக வரும். வேர்க்கடலை ஏற்கெனவே ஒத்துக்கொண்ட குழந்தைக்கு மட்டும்தான் இது. இல்லையென்றால் 100 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ் வேகவைத்துக் கொடுக்கலாம். மாவுச்சத்தோடு புரதமும் கொழுப்பும் சேர்வதுதான் முக்கியம். பிஸ்கட்டும் பழச்சாறும் மட்டும் கொடுத்தால் வயிற்றில் நிற்காது. சாக்லேட் வேண்டாம், அதில் கஃபீன் உண்டு. முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கும், கொடுக்கவே கூடாது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இரவு உணவை மறுத்த குழந்தைக்கு 8 மணிக்கு அதற்குப் பிடித்ததை எடுத்துக் கொடுத்தால், ஒரு வாரத்தில் அது 6.30 தட்டைத் தொடாமல் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். 8 மணி உணவு ஆசைப்பட்டுக் காத்திருக்கும் பண்டமாக இருக்கக் கூடாது. இரவு உணவைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே அளவில், ஒன்றிரண்டு வகையே மாறி மாறி வர வேண்டும்.

8 மணி உணவு மூன்று நான்கு நாள் நிலைத்த பிறகு நள்ளிரவுப் பாலைக் குறைக்கத் தொடங்கலாம். இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மில்லி: 180இலிருந்து 150, 120, 90, 60. அதன் பிறகு தண்ணீரும் தட்டிக் கொடுப்பதும் மட்டும். பாலில் தண்ணீர் கலந்து நீர்க்க வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அளவு குறையாததால் குடிக்கும் பழக்கமும் நனைந்த டயப்பரும் அப்படியே இருக்கும். பாட்டிலோடு படுக்க வைப்பதையும் நிறுத்த வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பால் பல்லில் தங்கி, முன்பற்கள் சொத்தையாகும். வேலை செய்கிறது என்பதற்கு முதல் அடையாளம் காலை உணவில் தெரியும். இரவு முழுத் தூக்கம் அதன் பிறகே வரும்.

நாள் முழுவதும் பால் 500 மில்லிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் உணவில் ஆர்வம் குறையும், இரும்புச்சத்துக் குறைபாடும் வரலாம். எடை ஏறாமல் நின்றாலோ, தீராத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, குறட்டை விட்டாலோ நேர மாற்றத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் நாட்களில் கேட்டதைக் கொடுத்துவிட்டு, குணமானதும் விட்ட அளவிலிருந்தே தொடரலாம்.