தணிக்கை அறிக்கையை நம்பி ஏமாந்தவர்: விடைத்தாளில் எங்கே தடுக்குகிறது

நிறுமச் சட்டத் தேர்வில் தணிக்கையாளர் பற்றிய கேள்வி வந்தால், விடைத்தாள்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. தணிக்கையாளர் எப்படியெல்லாம் தவறினார் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, "ஆகவே முதலீட்டாளருக்கு இழப்பீடு தர வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் கிடப்பதோ அந்தக் கடைசி வரிக்குள்.

இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுமம் 12 லட்சம் பவுண்டு லாபம் காட்டுகிறது. அதன் இரண்டாவது கிடங்கில் சரக்கு எண்ணும் நாளில் தணிக்கையாளர் போகவில்லை. கிடங்கு மேலாளர் தந்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார். அந்தப் பட்டியலில் சரக்கு 15 லட்சம் கூடுதலாக இருந்தது. இறுதிச் சரக்கு ஏறினால் லாபமும் அதே அளவு ஏறும். ஆக உண்மையில் இருந்தது 3 லட்சம் நட்டம். சரக்கின் தொகை கணக்கில் முக்கியமானதாக இருந்தால் எண்ணும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது தணிக்கைத் தரநிலை கேட்கும் அடிப்படை வேலை. கவனக்குறைவை நிறுவ இதுவே போதும். இதற்கு ஒரு பத்தி, அவ்வளவுதான்.

இப்போது மூன்று பேர் வழக்குத் தொடுக்கிறார்கள். முதலாமவர் ஏற்கெனவே பங்குதாரர், அறிக்கையைப் படித்து மேலும் 40,000 பவுண்டுக்குப் பங்கு வாங்கியவர். இரண்டாமவர் வெளியாள், அதே அறிக்கையைப் பார்த்து முதன்முறையாக வாங்கியவர். மூன்றாமவர் நிறுமத்தை முழுதாக வாங்க வந்தவர், தணிக்கை நிறுவனத்தின் பங்காளி ஒருவரை நேரில் சந்தித்து "இந்தக் கணக்கை நம்பலாமா?" என்று கேட்டு, "நம்பலாம்" என்ற பதிலையும் வாங்கியவர்.

முதல் இருவருக்கும் குறுக்கே நிற்பது, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1990-இல் தீர்த்த கபாரோ வழக்கு. அங்கேயும் லாபம் என்று காட்டியது உண்மையில் நட்டம் என்பதுதான் வாதியின் குற்றச்சாட்டு. வாதி பங்குதாரராகவும் இருந்தார், வெளி முதலீட்டாளராகவும் இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் பங்குதாரர் என்ற நிலைக்கு மட்டும் தணிக்கையாளரின் கவனக் கடமை உண்டு என்றது. பிரபுக்கள் அவை இரண்டு நிலைக்குமே இல்லை என்றது. சட்டம் தணிக்கை அறிக்கையைக் கேட்பது, பங்குதாரர்கள் ஒன்றாகக் கூடி இயக்குநர்களின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்காக. யாரும் பங்கு வாங்க வழிகாட்டுவதற்காக அல்ல. இழப்பு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது என்பதால் மட்டும் கடமை பிறந்துவிடாது. அறிக்கை யாருக்காக, எந்தக் காரியத்துக்காகத் தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். முதலாமவர் கையில் ஏற்கெனவே பங்கு இருப்பதால் அவருக்கு விதிவிலக்கு தரும் விடைத்தாள்கள் நிறைய. புதிய பங்கு வாங்கும் நேரத்தில் அவரும் இரண்டாமவரைப் போல ஒரு வாங்குபவர்தான்.

இது அநியாயம் என்று மாணவர்கள் மனம் கொதிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியலிட்ட நிறுமத்தின் அறிக்கையை எத்தனை பேர் படிப்பார்கள், எவ்வளவு தொகை போடுவார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. எல்லையற்ற அந்தப் பொறுப்புதான் நீதிபதிகளைத் தயங்க வைத்தது.

மூன்றாமவர் நிலை வேறு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது தணிக்கையாளருக்குத் தெரியும். தெரிந்தே உறுதி சொன்னார். ஏடிடி வழக்கில் இப்படியொரு சந்திப்பில் சொன்ன பதிலுக்காகத் தணிக்கை நிறுவனம் 6.5 கோடி பவுண்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டது. வாங்கிய விலை 10.5 கோடி, உண்மை மதிப்பு 4 கோடி. நம் கேள்வியிலும் கணக்கு அதே மாதிரிதான்: 60 லட்சத்துக்கு வாங்கியது உண்மையில் 35 லட்சம் பெறும் என்றால், கேட்க வேண்டியது 25 லட்சம்.

அதற்கு முன் இரண்டு காகிதங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்தச் சந்திப்பின் குறிப்பு: "எங்கள் சொல்லை நம்பி வாங்க வேண்டாம்" என்று தணிக்கையாளர் எங்காவது எழுதிக் கொடுத்தாரா? அறிக்கையின் அடியில் "உறுப்பினர்களுக்கு மட்டுமே பொறுப்பு" என்ற வழக்கமான பத்தி இருந்தாலும், பிறகு நேரில் தந்த உறுதியை அது தானாக அழித்துவிடாது என்று வாதிடலாம். மற்றொன்று, வாங்குபவரின் சொந்தக் கோப்பு. ஜெப் பாஸ்டனர்ஸ் வழக்கில் கணக்கு தவறு என்று நிறுவிய பிறகும் வாதி தோற்றார். வாங்கிய நிறுமத்தின் இரு இயக்குநர்களுடைய சேவையைப் பெறுவதுதான் அவருடைய நோக்கம், உண்மை தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பார் என்று நீதிமன்றம் கண்டது. நம் மூன்றாமவரும் கிடங்கு நிற்கும் நிலத்துக்காகத்தான் வாங்கினார் என்று கேள்வியில் ஒரு வரி ஒளிந்திருந்தால், அந்த 25 லட்சமும் போய்விடும்.