தப்பான விடைக்கு நான்கு மதிப்பெண்

பத்தாம் வகுப்பு கணக்கு விடைத்தாள் திருத்தும்போது ஐந்து மதிப்பெண் கேள்விகளில்தான் எனக்கு அதிக நேரம் போகும். கூம்பு வடிவக் கூடாரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆரம் 7 மீ, உயரம் 24 மீ, கித்தானின் அகலம் 4 மீ. எவ்வளவு நீளம் தேவை? சாயுயரம் 25, வளைபரப்பு 550, நான்கால் வகுத்தால் 137.5 மீ. சாயுயரத்துக்குப் பிரதியிட்டால் 1, அதன் மதிப்புக்கு 1, வளைபரப்பு சூத்திரத்துக்கு 1, பரப்புக்கு 1, நீளத்துக்கு 1 என்று பிரித்து வைத்திருப்பேன்.

ஒரு மாணவி 24²-ஐ 476 என்று எழுதிவிட்டாள். 49-ஐக் கூட்டி 525, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 22.9. இந்த இடத்தில் விடைக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவளுடைய எண்ணை வைத்து நானே கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். 22 × 22.9 = 503.8, நான்கால் வகுத்தால் 125.95. அவளும் அதையேதான் எழுதியிருந்தாள். போனது ஒரு மதிப்பெண் மட்டும். ஒரே பிழைக்கு மூன்று இடத்தில் வெட்டுவது நியாயமில்லை. சாயுயரம் உயரத்தைவிடக் குறைவாக வராது என்பதை அவள் கவனித்திருக்கலாம்; அதை ஓரத்தில் எழுதிக் காட்டினேன், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

இன்னொருவன் சாயுயரமே கண்டுபிடிக்கவில்லை. πrl என்று எழுதி, l-க்கு 24-ஐப் போட்டு 528, பிறகு 132 என்று முடித்துவிட்டான். இது கைதவறிய பிழை இல்லை. கணக்கின் கடினமான பகுதியே காணாமல் போய்விட்டது. சூத்திரத்துக்கு ஒன்று, பரப்பை அகலத்தால் வகுத்ததற்கு ஒன்று, அவ்வளவுதான்.

மூன்றாவது தாள்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அதிலும் 22.9 வரை அதே பிழை. ஆனால் அடுத்த வரியில் 22 × 22.9 = 550, கடைசியில் 137.5. ரஃப் வேலையிலும் 25 எங்கும் இல்லை, எதையும் அடித்துத் திருத்தவும் இல்லை. மேல் வரியிலிருந்து 550 வர வழியே கிடையாது. அந்த மதிப்பெண்ணைத் தரவில்லை. 550-ஐ நான்கால் வகுத்தது சரி, அதற்கு உண்டு. மொத்தம் 3.

தாளைக் கொடுத்ததும் நேராக வந்தான். "மிஸ், என் விடை சரி, அவ விடை தப்பு. அவளுக்கு மட்டும் எப்படி நாலு?" நியாயமான கேள்வி. கால்குலேட்டரை அவன் கையில் கொடுத்து 22-ஐ 22.9-ஆல் பெருக்கச் சொன்னேன். 503.8 என்று வந்ததைப் பார்த்தான். "அப்போ இந்த 550 எங்கேருந்து வந்ததுப்பா?" என்றேன். பதில் சொல்லவில்லை. சாயுயரத்தை முதலிலிருந்து போட்டுக் காட்டச் சொன்னேன். அங்கேயே நின்று 25 வரை சரியாகப் போட்டான். மதிப்பெண்ணை மாற்றவில்லை.